கறை ஓரிடம், ஓட்டை வேறிடம்

வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் போதும், குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் ஒரே மாதிரிப் படங்கள் வரத் தொடங்கிவிடும். வெள்ளை சீலிங்கில் பழுப்பு விளிம்போடு ஓர் ஈரத்திட்டு. கீழே ஒரு வரி: ‘இதுக்கு என்ன பண்ணலாம்?’ அரை மணி நேரத்துக்குள் ஆறேழு வைத்தியங்கள் குவிந்துவிடும். மொட்டை மாடியில் வெள்ளைப் பெயின்ட் அடிக்கச் சொல்வார் ஒருவர். ஓட்டைப் பெயர்த்துவிட்டு டைல்ஸ் போடச் சொல்வார் இன்னொருவர். உள்ளேயிருந்து ஊசி போட்டு ரசாயனம் செலுத்தினால் சரியாகிவிடும் என்பார் மூன்றாமவர். யாருமே அந்த வீட்டைப் பார்த்தது கிடையாது.

சொல்பவர்கள் எல்லாரும் விவரம் தெரியாதவர்கள் என்று தள்ளிவிட முடியாது. அவரவர் வீட்டில் அந்த வைத்தியம் பலித்திருக்கும். சிக்கல் படத்தில்தான் இருக்கிறது. ஈரத்திட்டின் படம் தண்ணீர் வெளியே வரும் இடத்தைக் காட்டும். உள்ளே நுழைந்த இடம் அதில் இருக்காது. இரண்டுக்கும் நடுவே பல அடி தூரம் இருக்கலாம், சில சமயம் ஓர் அறையே இருக்கலாம்.

அது எப்படி என்று புரிய, நம் ஊர் மொட்டை மாடி எப்படிக் கட்டப்படுகிறது என்று கொஞ்சம் பார்க்க வேண்டும். அடியில் ஐந்து அங்குலம் போலக் கம்பி போட்ட காங்கிரீட் தளம். அதன்மேல் பழைய வழக்கப்படி செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, கட்டையால் அடித்து இறுக்கிய மூன்று நான்கு அங்குலப் படுகை. கட்டட வேலைக்காரர்கள் ‘வெதரிங் கோர்ஸ்’ என்பது இதைத்தான். அதற்கும் மேலே சதுரமான தட்டோடு, இடுக்குகளில் சிமென்ட் கலவை. மழைநீர் வடிவதற்காக பத்தடிக்கு ஒன்றரை அங்குலம் என்ற கணக்கில் குழாய் வாய்ப் பக்கமாக வாட்டம் வைப்பார்கள்.

ஓட்டு இடுக்கில் மயிரிழை அளவு விரிசல் விழுந்தாலும் தண்ணீர் முதலில் இந்த ஜல்லிப் படுகைக்குள் போகும். படுகை பஞ்சு மாதிரி குடித்து வைத்துக்கொள்ளும். நிறைந்த பிறகு, காங்கிரீட் தளத்தின் மேல்பரப்பு எந்தப் பக்கம் சரிந்திருக்கிறதோ அந்தப் பக்கமாக மெல்ல ஊர்ந்து, தளத்தில் எங்கே பலவீனம் கிடைக்கிறதோ அங்கே இறங்கும். அந்தப் பலவீனம் பல வீடுகளில் மின்கம்பி போகும் பிளாஸ்டிக் குழாய். காங்கிரீட் கொட்டும் முன்பே தளத்துக்குள் பதிக்கப்பட்ட குழாய் அது. ஏதாவது ஓர் இணைப்பு வழியே அதற்குள் தண்ணீர் நுழைந்துவிட்டால், குழாயின் மறுமுனையான ஃபேன் பாக்ஸில்தான் தலைகாட்டும். சீலிங் நடுவில், ஃபேனைச் சுற்றி மட்டும் ஈரம் தெரியும் படங்கள் இத்தனை வருவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

சென்னைப் புறநகரின் இருபது ஆண்டுப் பழைய அடுக்ககங்களில் வழக்கமாகக் காண்கிற ஒரு நிலையை எடுத்துக்கொள்வோம். மூன்றாவது மாடி, அதற்கு மேல் மொட்டை மாடிதான். படுக்கையறை ஃபேனைச் சுற்றி நீள்வட்டமாக ஒரு கறை. வீட்டுக்காரர் இரண்டு படங்கள் அனுப்புகிறார்: ஒன்று கறை, மற்றொன்று மொட்டை மாடியில் ஃபேனுக்கு நேர் மேலே உள்ள இடம். அங்கே இரண்டு ஓடுகளுக்கு நடுவே ஒரு விரிசல் தெரிகிறது. கூட்டத்தின் தீர்ப்பு உடனே வந்துவிடுகிறது, அந்த இடத்து ஓட்டைப் பெயர்த்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டும் என்று.

குழுவில் பொதுப்பணியில் இருந்து ஓய்வுபெற்ற சித்தப்பா ஒருவர் இருக்கிறார். அவர் தீர்ப்பு எதுவும் சொல்லாமல் போன் போடுகிறார்.

“மழை ஆரம்பிச்சு எவ்வளவு நேரம் கழிச்சுச் சொட்டுதுப்பா?”

“மதியம் கொட்டினா ராத்திரிதான் சித்தப்பா ஆரம்பிக்குது.”

“மழை விட்டதும் நின்னுடுதா?”

“இல்ல, மறுநாள் சாயங்காலம் வரைக்கும் விட்டு விட்டுச் சொட்டுது.”

“தூறலுக்கு?”

“தூறலுக்கு ஒண்ணுமே இல்ல.”

இந்த மூன்று பதில்களில் இருப்பது அத்தனை படங்களிலும் கிடையாது. தூறலுக்குச் சொட்டாமல் பெருமழைக்கு மட்டும் சொட்டுகிறது என்றால், எங்கோ தண்ணீர் தேங்கி நின்றால்தான் உள்ளே நுழைகிறது என்று பொருள். நேராகத் திறந்த ஓட்டை என்றால் மழை வந்த சில நிமிடங்களிலேயே சொட்டியிருக்கும், நின்றதும் ஓய்ந்திருக்கும். மணிக்கணக்கில் தாமதமும் மறுநாள் வரை நீளும் சொட்டும் ஜல்லிப் படுகை நிறைந்து வடிவதன் அடையாளம். மேலே குளியலறையும் இல்லை, மழையில்லாத நாளில் ஈரமும் இல்லை. ஆகவே குழாய்க் கசிவுக்கு இடமில்லை. இத்தனையும் தொலைவிலிருந்தே, வீட்டை மிதிக்காமலே சொல்லக்கூடியவை.

அடுத்து அவர் செய்யச் சொன்னது: மெயினை அணைத்துவிட்டு, ஃபேனின் மேல்மூடியைக் கீழே இறக்கி ஒரு படம். அந்தப் படத்தில் மின்கம்பிக் குழாயின் வாயில் நீர்த்துளி தொங்குகிறது. பாக்ஸின் உள்பக்கக் காங்கிரீட் ஒரு பக்கம் காய்ந்தே இருக்கிறது. தண்ணீர் குழாய் வழியாக வருகிறது என்பது உறுதியாயிற்று. நேர் மேலே உள்ள விரிசலின் மீது இருந்த சந்தேகம் பாதி குறைந்தது.

இந்த இடத்தில் சித்தப்பாவும் ஓர் ஊகம் செய்கிறார். மொட்டை மாடியில் படிக்கட்டு அறையின் வெளிச்சுவரில் ஒரு விளக்கு இருக்கிறது, அதன் பெட்டி வழியே மழை இறங்கிக் குழாய்க்குள் போகிறது என்பது அவர் கணிப்பு. அனுபவம் உள்ளவர் எவருக்கும் தோன்றக்கூடியதுதான். பெட்டியைத் திறந்து பார்த்தால் உள்ளே காய்ந்த தூசியும் பல்லி முட்டையும்! கணிப்பு பொய்த்தது. தளத்துக்குள் எந்தக் குழாய் எந்தப் பக்கம் போகிறது என்று அந்த அடுக்ககத்தில் யாரிடமும் வரைபடம் கிடையாது. பெரும்பாலான அடுக்ககங்களில் கிடையாது. தொலைவிலிருந்து சொல்லும் யோசனை முட்டி நிற்கும் இடம் இதுதான். இதற்கு மேல் மூளையைக் கசக்கிப் பயனில்லை, தண்ணீரைத்தான் கேட்க வேண்டும்.

அதற்கான சோதனை எளியது, ஆனால் பொறுமை வேண்டும். மழையில்லாத நாட்களாகப் பார்த்து, மொட்டை மாடியைப் பகுதி பகுதியாகப் பிரித்துச் செங்கல்லும் களிமண்ணும் வைத்து வரப்பு கட்டி, ஒரு சமயத்தில் ஒரு பகுதியில் மட்டும் ஓர் அங்குல ஆழத்துக்குத் தண்ணீர் தேக்க வேண்டும். குறைந்தது 24 மணி நேரம் நிற்க வேண்டும். தாழ்வான பகுதியில் தொடங்கி மேட்டுக்குப் போக வேண்டும். மேட்டில் தொடங்கினால் படுகைக்குள்ளேயே தண்ணீர் சரிந்து தாழ்வுக்கு வந்துவிடும், எந்தப் பகுதி குற்றவாளி என்று தெரியாமல் குழப்பும். சொட்டு வந்துவிட்டால், அடுத்த பகுதிக்குப் போகும் முன் படுகை வடிந்து காய நாலைந்து நாள் விட வேண்டும். இந்த இடைவெளியைத்தான் எல்லாரும் தவறவிடுகிறார்கள். மேஸ்திரிக்கு நாள் கூலி ஓடுகிறது, வீட்டுக்காரருக்கு அவசரம்.

நூறு சதுர அடியில் ஓர் அங்குலம் தண்ணீர் நின்றால் சுமார் 236 லிட்டர், அதாவது 236 கிலோ. ஆள் நடமாடும் மொட்டை மாடிக்கு இந்தியத் தர விதிகள் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 150 கிலோ பயன்பாட்டுச் சுமையை வைத்து வடிவமைக்கச் சொல்கின்றன. அதன்படி நூறு சதுர அடிக்கு 1,400 கிலோவை ஒட்டி வரும். நல்ல நிலையில் உள்ள காங்கிரீட் தளத்துக்கு இந்தத் தண்ணீர் ஒரு பாரமே இல்லை. ஆனால் தேக்குச் சட்டங்களின் மேல் செங்கல் அடுக்கிய பழைய ‘மெட்ராஸ் டெரஸ்’ வீடுகளிலும், கம்பி வெளியே தெரியும் தளங்களிலும் இந்தச் சோதனையைச் செய்யவே கூடாது. அனுப்பிய படத்தில் இருப்பது எந்த வகைத் தளம் என்று தெரியாமல் ‘தண்ணி கட்டிப் பாருங்க’ என்று சொல்வதும் ஆபத்துதான்.

நம் அடுக்ககத்தில் தாழ்வான பகுதி மழைநீர்க் குழாயின் வாய் இருக்கும் மூலை. குழாயைத் துணி வைத்து அடைத்துத் தண்ணீர் தேக்கியதும் ஐந்து மணி நேரத்துக்குள் ஃபேன் பாக்ஸில் சொட்டு வந்துவிட்டது. மூலைக்கும் ஃபேனுக்கும் இடையே பதினோரு அடி. படுகை காய்ந்த பிறகு ஃபேனுக்கு நேர் மேலே, அந்தப் பிரசித்தி பெற்ற விரிசல் மீதே ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் நின்றது; ஒரு துளிகூட இறங்கவில்லை. மூலையில் தோண்டியபோது, பிளாஸ்டிக் குழாயின் கழுத்தும் சுற்றியிருந்த கலவையும் ஒன்றையொன்று விட்டு விலகி விரல்நகம் நுழையும் இடைவெளி விட்டிருந்தன. பிளாஸ்டிக்கும் சிமென்டும் வெயிலில் ஒரே அளவு விரிவதில்லை, ஆண்டுகள் போகப்போக இந்தக் கழுத்து கழன்றுகொள்ளும். சாதாரண மழையில் நீர் அதற்குள் இறங்காமல் குழாய்க்குள் ஓடிவிடும். பெருமழையில், அதுவும் வாயில் இலை அடைத்திருந்தால், மூலை குளமாகி நிற்கும், அப்போது இறங்கும். தூறலுக்கு ஏன் சொட்டவில்லை என்பதற்கு விடை கிடைத்தது.

முதலில் அனுப்பிய படத்தில் இந்த மூலை ஏன் இல்லை? அங்கே துளசித் தொட்டி வைத்திருந்தார்கள் என்பது ஒரு காரணம். இன்னொன்று முக்கியமானது. படம் எடுப்பவர் தம் சந்தேகத்தைத்தான் படம் எடுக்கிறார். ஃபேனுக்கு நேர் மேலேதான் கோளாறு என்று முடிவு செய்துவிட்டு மாடியேறியவர், அங்கே கண்ட விரிசலைக் கிட்டத்தில் எடுத்து அனுப்பினார். இருபது ஆண்டுப் பழைய மாடியில் எங்கே கேமராவைத் திருப்பினாலும் ஒரு விரிசல் அகப்படும். பார்த்தவர்களோ அந்தச் சட்டத்துக்குள் இருந்ததை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொன்னார்கள். சட்டத்துக்கு வெளியே என்ன இருக்கிறது என்று கேட்கத் தோன்றுவதுதான் கட்டட வேலை அறிந்தவருக்கும் மற்றவர்களுக்கும் உள்ள வித்தியாசம்.

பழுதுபார்த்த செலவு, ஓடு முழுவதையும் பெயர்த்துப் போட்டிருந்தால் ஆகியிருக்கக்கூடியதில் சிறு பங்குதான். குழாய் வாயைச் சுற்றி ஓரடிக்கு வெட்டியெடுத்து, சுத்தம் செய்து, சுருங்காத வகைச் சிமென்ட் கலவையால் அடைத்து, நீர்த்தடுப்புப் பூச்சைக் குழாயின் உள்வாய்க்குள் இரண்டு அங்குலம் இறங்கும்படி பூசி, மேலே வாட்டம் பார்த்து ஓடு பதித்தார்கள். பூச்சு குழாய்க்குள் இறங்காமல் விளிம்போடு நின்றுவிட்டால் இரண்டு கோடையில் மறுபடி கழலும்.

ஈரத்திட்டு எல்லாமே மழையால் வருவதும் இல்லை. மேல்வீட்டுக் குளியலறைக்குக் கீழே வருவது அடுக்ககச் சண்டைகளில் பாதிக்குக் காரணம். அங்கேயும் படத்தைவிட நேரம்தான் துப்பு. இரவும் பகலும், மேல்வீடு பூட்டிக் கிடந்தாலும் ஈரம் மாறாமல் இருந்தால் அழுத்தத்தோடு தண்ணீர் வரும் குழாயில் கசிவு. ஆட்கள் குளித்து முடித்த பிறகு கூடினால், வடிகால் குழாயோ பிளம்பர்கள் ‘நானி ட்ராப்’ என்று சொல்லும் தரைச் சல்லடைக்குக் கீழுள்ள கிண்ணமோ டைல்ஸ் இடுக்கோ காரணம். மேல்வீட்டுக்காரர் நான்கு நாள் ஊருக்குப் போகும்போது கீழ்வீட்டுக்காரர் கறையின் விளிம்பில் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதி வைத்தால், எத்தனையோ வாய்ச்சண்டை மிச்சம்.

இன்னொரு வகை, பலருக்குத் தோன்றாதது. மேல்வீட்டில் ஏசியை 20 டிகிரியில் இரவெல்லாம் ஓட விட்டால் அவர்கள் தரை, அதாவது கீழ்வீட்டின் சீலிங், குளிர்ந்துபோகும். காற்றில் ஈரம் மிகுந்த நாட்களில் சென்னையில் 25 டிகிரியை ஒட்டிய குளிர்ச்சியுள்ள பரப்பிலேயே நீர் கோத்துவிடும். எங்கும் ஓட்டை இல்லாமலே ஈரம். படத்தில் இதையும் கசிவையும் பிரித்துப் பார்ப்பது கடினம். ஓரடிச் சதுரத்துக்கு அலுமினியத் தாளை அந்த இடத்தில் வைத்து நான்கு ஓரங்களையும் டேப்பால் ஒட்டி ஒரு நாள் விட்டுப் பார்த்தால் தெரியும். தாளின் வெளிப்பக்கம் நீர் முத்து கோத்தால் அறைக் காற்றின் ஈரம். வெளிப்பக்கம் காய்ந்திருந்து, பிரித்தெடுத்தால் உள்பக்கம் நனைந்திருந்தால் ஈரம் தளத்துக்குள்ளிருந்து வருகிறது.

கேமராவின் குறும்புகளும் உண்டு. மஞ்சள் பல்ப் வெளிச்சத்தில் எடுத்தால் வெறும் ஈரம் பழுப்புக் கறையாகத் தெரியும். போனே நிறத்தைத் திருத்திக்கொள்வதால் உண்மையான துருக்கறை வெளிறிப் போகவும் செய்யும். ஃபிளாஷ் போட்டால் பூச்சின் உப்பல் மறைந்து எல்லாம் தட்டையாகிவிடும்; ஃபிளாஷை அணைத்து, டார்ச்சை சீலிங்கோடு ஒட்டினாற்போல் பக்கவாட்டில் பிடித்து எடுத்தால் அதே உப்பல் நிழலோடு எழுந்து நிற்கும். அருகே ஒரு பத்து ரூபாய் நாணயமோ அளவுகோலோ இல்லாவிட்டால் திட்டு உள்ளங்கையளவா, மேசையளவா என்றே புரியாது. வாசனை, தொட்டால் உள்ள ஈரம், தட்டினால் வரும் ஓசை இவை எந்தப் படத்திலும் ஏறுவதில்லை. தட்டும்போது கணீரென்று இல்லாமல் பொத்தென்று ஒலித்தால் பூச்சு தளத்தை விட்டுப் பிரிந்திருக்கிறது. அந்த ஓசையை வீட்டில் இருப்பவர்தான் கேட்டுச் சொல்ல வேண்டும்.

படத்தை வைத்துச் சொல்லும் யோசனைகளில் அதிகம் கெடுதல் செய்வது ‘கீழேயிருந்து பூசிடுங்க’ என்பது. உள்ளே நீர்த்தடுப்புப் பூச்சோ பட்டியோ போட்டு மூடினால் கறை மறையும். தண்ணீர் தளத்துக்குள்ளேயே நிற்கும், அல்லது நகர்ந்து வேறு அறையில் முளைக்கும். கம்பி துருப்பிடித்தால், துரு தான் தின்ற இரும்பைவிட ஆறு மடங்கு வரை இடம் கேட்கும். அந்தத் தள்ளலில்தான் காங்கிரீட் கம்பியின் நெடுக்காக வெடித்து, துண்டு துண்டாகக் கழன்று விழுகிறது. இரண்டு மழைக்காலம் கறையே இல்லாமல் இருந்த சீலிங் திடீரென்று உரிந்து விழுவதற்கு, மேலே நுழையும் வழியை அடைக்காமல் கீழே பூசிய அந்தப் பூச்சும் காரணமாவது உண்டு.

ஆகவே தொலைவில் இருப்பவர் தயங்காமல், ஒரே பார்வையில் உறுதியாகச் சொல்லக்கூடியவை சில உண்டு. அவை எல்லாம் எச்சரிக்கைகள். விளக்கு, ஃபேன், சுவிட்சுப் பெட்டி வழியே சொட்டினால் அந்த இணைப்பின் எம்சிபியைக் கீழே தட்டிவிட்டு எலக்ட்ரீஷியன் வரும்வரை தொடக் கூடாது. ஒரே நேர்கோட்டில் துருக்கறையோ விரிசலோ ஓடினால் அது கம்பி போகும் பாதை. காரணம் தேடுவதற்கு முன் கட்டமைப்புப் பொறியாளர் நேரில் வந்து பார்க்க வேண்டும். கம்பி வெளியே தெரிந்தால், சீலிங் தொங்கினாற்போல் வளைந்திருந்தால், படுக்கையை அந்த அறையிலிருந்து அன்றைக்கே மாற்ற வேண்டும். இவற்றுக்கு மங்கலான படமே போதும்.

மற்றவற்றுக்கு, கேட்பவர் அனுப்ப வேண்டியது இவ்வளவு: அறை முழுதும் தெரியும்படி தொலைவிலிருந்து ஒரு படம், நாணயத்தோடு கிட்டத்தில் ஒன்று, மொட்டை மாடியோ மேல்வீடோ நான்கு மூலையும் தண்ணீர்க் குழாய் வாயும் தெரியும்படி ஒன்று, கூடவே எப்போது தொடங்கியது, எதற்குப் பிறகு கூடுகிறது, எப்போது நிற்கிறது என்று நான்கு வரி. சுவரில் ஈரம் என்றால் அந்தச் சுவர் எந்தத் திசை பார்த்தது என்பதையும் சேர்க்க வேண்டும். நவம்பர் மழை பெரும்பாலும் வடகிழக்குக் காற்றோடு சாய்ந்து அடிக்கும். மொட்டை மாடியில் குறையே இல்லாமல், வடக்கு, கிழக்குச் சுவர்களின் வெளிப்பூச்சு விரிசல் வழியாகவும் ஜன்னல் சன்ஷேடின் மேல்மூலை வழியாகவும் நீர் வரலாம். தெற்குப் பார்த்த சுவரில் மட்டும் நவம்பரில் ஈரம் என்றால், மழையைக் குற்றம் சொல்வதற்கு முன் அந்தச் சுவருக்குள் ஓடும் குழாயைச் சோதிப்பது நல்லது. அதற்கு ஆகும் செலவு ஓர் இரவுதான்: தொட்டியின் வெளிவால்வைத் திறந்தே வைத்து, வீட்டுக்குள் எல்லாத் திருகுகுழாய்களையும் மூடிவிட்டு மாடித் தொட்டியின் நீர்மட்டத்தைக் குறித்து வைத்து, காலையில் எட்டிப் பார்க்க வேண்டும்.